விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று இரண்டு வரியில் சொல்வது எப்படி?

கேள்வி: அக்கா, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலை முழுக்க நான்தான். தர ஆய்வாளர் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்தும், அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவையிலிருந்தும் விண்ணப்பம் வந்துகொண்டே இருக்கிறது. “கிடைத்தது, இத்தனை நாளில் பார்ப்போம், அப்புறம் இது நடக்கும்” என்று இரண்டே வரியில் எல்லோருக்கும் பதில் போடச் சொல்கிறார் முதலாளி. ஓணம் வேறு நடுவில் வருகிறது. என்ன எழுதுவது?

பதில்:

முதலில் வாசகத்தைக் கொடுத்துவிடுகிறேன். இப்படி எழுதுங்கள்:

“தர ஆய்வாளர் பணிக்கு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் எங்களுக்கு வந்து சேர்ந்தது, நன்றி.
செப்டம்பர் 10, புதன்கிழமைக்குள் எல்லா விண்ணப்பங்களையும் பார்த்து முடித்து, நேர்காணலுக்குத் தேர்வானவர்களை 0491 என்று தொடங்கும் எங்கள் ஆபீஸ் எண்ணிலிருந்து அழைப்போம். மற்றவர்களுக்கும் அதே நாளுக்குள் மின்னஞ்சலில் பதில் வரும்.”

முதல் வரியில் எந்த வேலைக்கு என்று இருக்க வேண்டும். வேலை தேடுகிறவர் ஒரே வாரத்தில் கஞ்சிக்கோட்டில் நாலு கம்பெனிக்கும் கோவையில் பத்து கம்பெனிக்கும் அனுப்பியிருப்பார். வெறும் “உங்கள் விண்ணப்பம் கிடைத்தது” என்று வந்தால் யாரிடமிருந்து, எதற்கு என்று அவர் தேட வேண்டியிருக்கும். கம்பெனியின் பெயர் அடியில் கையொப்பத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது வரியில்தான் உங்கள் வேலையே இருக்கிறது. அதை எழுத ஐந்து நிமிடம் போதும். அதில் வரும் தேதியைக் கண்டுபிடிக்க முதலாளியோடும் உற்பத்தி மேலாளரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசாமல் நீங்களாக ஒரு தேதியைப் போட்டுவிட்டால், அந்த நாளில் போன் எடுத்துப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

தேதியை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒரு ஓணக் காலத்தை வைத்தே காட்டுகிறேன். 2025-இல் திருவோணம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 25, திங்கள் என்று வையுங்கள். மொத்தம் 120 விண்ணப்பம் வருகிறது. முதல் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று நிமிடம் பிடிக்கும்: படிப்பு சரியா, வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து அளந்த அனுபவம் இருக்கிறதா, ஷிப்டுக்கு வர முடியுமா, இவ்வளவுதான் பார்ப்பீர்கள். 120 விண்ணப்பத்துக்கு ஆறு மணி நேரம். ஆனால் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, கூரியர் எல்லாம் உங்கள் தலையில் இருக்கும்போது இதற்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆக, ஆறு வேலை நாள். சனிக்கிழமையும் கம்பெனி உண்டு என்றால் ஆகஸ்ட் 26 செவ்வாய் தொடங்கி, ஞாயிறு நீங்கலாக, செப்டம்பர் 1 திங்களன்று முடியும்.

அதிலிருந்து இருபது பேரைப் பிரித்து மேலாளர் மேசையில் வைக்கிறீர்கள். அவருக்கு இரண்டு நாள். செப்டம்பர் 3, புதன் ஆகிவிட்டது. மறுநாள் உத்திராடம், வெள்ளி திருவோணம், சனி மூன்றாம் ஓணம், அடுத்தது ஞாயிறு. கம்பெனி திறப்பது 8-ஆம் தேதி திங்கள். மேலாளருக்கு ஏதாவது இழுத்துவிட்டால் சமாளிக்கவும், மற்றவர்களுக்குப் பதில் அனுப்பவும் இரண்டு நாள் கூட வைத்தால் செப்டம்பர் 10. மேலே போட்ட தேதி இப்படி வந்ததுதான்.

இதையே “10 வேலை நாட்களுக்குள்” என்று எழுதியிருந்தால் என்ன ஆகும், பாருங்கள். உங்கள் கணக்கில் ஓண நாட்களை விட்டு எண்ணினால் பத்தாவது நாள் செப்டம்பர் 9. பொள்ளாச்சியில் இருக்கும் ஒருவருக்கு நீங்கள் ஓணத்துக்கு எத்தனை நாள் மூடுகிறீர்கள் என்று தெரியாது. அவர் ஞாயிறை மட்டும் கழித்து எண்ணினால் பத்தாவது நாள் செப்டம்பர் 5, அதாவது திருவோணத்தன்று. அன்றைக்கு உங்கள் போன் பூட்டிய அறையில் அடித்துக்கொண்டிருக்கும். சனி ஞாயிறு இரண்டும் லீவு விடும் ஐடி கம்பெனியில் இருப்பவர் எண்ணினால் இன்னொரு நாள் வரும். தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை வைத்து விநாயகர் சதுர்த்தியைக் கழிப்பவருக்கு வேறொரு நாள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கும் நம் ஊரில் ‘வேலை நாள்’ என்பதற்கு ஒரே கணக்கு கிடையாது. அதனால் நாள் எண்ணிக்கை வேண்டாம். தேதியும் கிழமையும் சேர்த்துப் போடுங்கள். கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு லாபம், நீங்கள் தேதியைத் தப்பாக அடித்தாலும் கிழமை பொருந்தாததை யாராவது உடனே கேட்டுவிடுவார்கள்.

ஆகஸ்ட் 12-இல் அனுப்பியவருக்கும் 25-இல் அனுப்பியவருக்கும் ஒரே தேதிதான். “விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து இரண்டு வாரம்” என்று எழுதினால் முதலில் அனுப்பியவருக்கு, விளம்பரம் மூடிய மறுநாளே கெடு முடிந்துவிடும். நீங்களோ அப்போதுதான் பார்க்கவே உட்காருவீர்கள். எப்போதும் கடைசி நாளிலிருந்து எண்ணி, எல்லோருக்கும் ஒரே தேதி.

‘விரைவில் தொடர்பு கொள்வோம்’ என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலாளிகளுக்கு அந்த வாசகம் மிகவும் பிடிக்கும், பிடி கொடுக்காமல் இருக்கலாம் என்று. நடைமுறையில் அதுதான் அதிகம் போன் வரவழைக்கிறது. தேதி இருந்தால் அந்தத் தேதி வரை பெரும்பாலோர் கூப்பிட மாட்டார்கள். ‘விரைவில்’ என்றால் மூன்றாம் நாளே கூப்பிடுவார்கள், அது நியாயமும்கூட.

அடுத்து, என்ன நடக்கும் என்ற பகுதி. எப்படித் தொடர்பு கொள்வீர்கள் என்று சொல்வது இங்கே முக்கியம். உங்கள் ஆபீஸ் எண் பாலக்காட்டு 0491-இல் தொடங்கும். கோவையில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்ததும் ஏதோ கடன் கொடுக்கிற ஆள் என்று எடுக்காமல் விடுவது சாதாரணம். முன்கூட்டியே எழுதிவிட்டால் எடுப்பார். இன்னொன்று, வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகர்கள் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் கம்பெனி பெயரைச் சொல்லி வேறு எண்ணிலிருந்து யாராவது பேசினால், இந்த வரி கையில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும்.

நேர்காணல் நாள் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் அதையும் அதே வரியில் நுழைத்துவிடுங்கள்: “நேர்காணல் செப்டம்பர் 15 முதல் 17 வரை கஞ்சிக்கோட்டில்.” உங்களுக்கு வேண்டிய ஆள் அநேகமாக இப்போதே எங்கோ வேலையில் இருப்பவர். ஷிப்ட் மாற்றவோ லீவு சொல்லவோ அவருக்கு ஒரு வாரமாவது தேவை. முடிவாகாத நாளைப் போட வேண்டாம்.

எழுதக் கூடாதது எது என்றால், தேர்வைப் பற்றி வாடை அடிக்கும் எதுவும். “உங்கள் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன”, “எங்கள் குடும்பத்தில் இணைய விரும்பியதற்கு மகிழ்ச்சி” போன்ற வாசகங்களை இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களிலிருந்து எடுத்துப் போடுவார்கள். நீங்கள் இன்னும் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை, என்ன கவர்ந்தது? முதல் தடவை வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன் அதை அப்படியே நம்புவான். வீட்டில் காட்டுவான். இருக்கிற சின்ன வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. ‘நன்றி’ ஒன்று போதும், மரியாதை அதிலேயே இருக்கிறது.

கடைசித் துண்டு, “மற்றவர்களுக்கும் பதில் வரும்” என்பது. முடிந்தால் இதைச் செய்யுங்கள் என்பது என் கருத்து. நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்ப அரை மணி நேரம் ஆகும். முடியாது என்று முதலாளி சொன்னால், பதில் வரும் என்று பொய்யாக எழுத வேண்டாம். “அந்தத் தேதிக்குள் அழைப்பு வராவிட்டால் இந்த முறை தேர்வாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதுங்கள். கேட்கக் கொஞ்சம் கறாராக இருக்கும். ஆனாலும் காத்திருப்பவர் 11-ஆம் தேதி வேறு இடம் தேடிப் போகலாம்.

சரி, அனுப்புவதில் என்ன சிக்கல் வரும் என்று பார்ப்போம்.

மின்னஞ்சல்தான் வசதி. ஜிமெயிலில் டெம்ப்ளேட் வசதியை அமைப்புகளில் போய் இயக்கி, இந்த இரண்டு வரியைச் சேமித்து வையுங்கள். அப்புறம் ஒரு ஃபில்டர் போட்டால் வருகிற விண்ணப்பத்துக்குத் தானாகவே அது போகும். எதை விண்ணப்பம் என்று ஃபில்டர் கண்டுபிடிக்கும்? தலைப்பை நம்பினால் பாதிப் பேர் தலைப்பே போடாமல் அனுப்புவார்கள். விளம்பரத்திலேயே முகவரியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உதாரணமாக முகவரி `company@gmail.com` என்றால் `company+qa@gmail.com` என்று கொடுக்கலாம். இரண்டும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஃபில்டரில் பெறுநர் இடத்தில் அந்த இரண்டாவது முகவரியைப் போட்டால், இரும்புக் கம்பி விற்பவர் அனுப்பிய விலைப்பட்டியலுக்கு “உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது” என்று பதில் போகாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பயோடேட்டாவை இணைக்க மறந்துவிட்டு வெறும் மடலை அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருப்பார்கள். தானியங்கிப் பதில் அவர்களுக்கும் “வந்து சேர்ந்தது” என்று சொல்லிவிடும். அவர் நிம்மதியாக இருப்பார், உங்களிடம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இதற்கு ஃபில்டரை இரண்டாகப் பிரியுங்கள். தேடல் சொற்கள் இவை:

```
to:company+qa@gmail.com has:attachment
to:company+qa@gmail.com -has:attachment
```

முதலாவதற்கு மேலே சொன்ன இரண்டு வரி. இரண்டாவதற்கு வேறு இரண்டு வரி:

“தர ஆய்வாளர் பணிக்கான உங்கள் மின்னஞ்சல் வந்தது, ஆனால் அதில் பயோடேட்டா இணைக்கப்படவில்லை.
ஆகஸ்ட் 25, திங்கள் மாலை 5 மணிக்குள் இணைத்து அனுப்பினால் மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துப் பார்த்து, செப்டம்பர் 10, புதன்கிழமைக்குள் பதில் சொல்வோம்.”

படத்தையோ கையொப்ப லோகோவையோ இணைப்பு என்று எடுத்துக்கொண்டு முதல் ஃபில்டரில் விழுவதும் நடக்கலாம். அதனால் தினமும் மாலையில் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஜிமெயிலின் விடுமுறைப் பதில் வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஒரே ஆளுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகும். பயோடேட்டாவை மறந்து, மறுநாள் திருத்தி அனுப்பியவருக்கு இரண்டாவது மடலுக்கு ஒன்றுமே வராது.

உங்கள் ஊரில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள், விளம்பரத்தில் மின்னஞ்சல் என்று போட்டாலும். வாட்ஸ்அப் பிசினஸில் வரவேற்புச் செய்தி என்று ஒன்று உண்டு. அது முதல் தடவை எழுதுகிறவருக்கோ பதினாலு நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுகிறவருக்கோ மட்டும்தான் போகும். போன வாரம் “வேலை இருக்கா?” என்று கேட்டுவிட்டு இன்று பயோடேட்டா அனுப்புகிறவருக்குப் போகாது. லாரிக்காரருக்கோ போய்விடும். அதை அணைத்துவிட்டு விரைவுப் பதில் வசதியில் இந்த இரண்டு வரியைச் சேமியுங்கள். சாய்கோடு போட்டு ஒரு சின்னச் சொல்லை அடித்தால் முழு வாசகமும் வந்துவிடும், கையால் அனுப்பலாம்.

தேர்வாகாதவர்களுக்குப் பதில் போடும்போது வாட்ஸ்அப்பில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, எல்லோரையும் ஒரு குழுவில் சேர்ப்பது. நூறு பேரின் எண்ணும் நூறு பேருக்குத் தெரிந்துவிடும். அதில் ஒரு பெண்ணின் எண்ணுக்கு அன்றிரவே யாரோ வணக்கம் போடுவான். இன்னொரு ஆளின் இப்போதைய மேலாளரும் அதே குழுவில் இருக்கலாம், அவரும் விண்ணப்பித்திருப்பார்! மற்றது, பிராட்காஸ்ட் பட்டியல். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். எண்ணைச் சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்பதும் உங்களுக்குப் பளிச்சென்று தெரியாது. ஆகவே ஒவ்வொருவராகத்தான் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் மொத்தமாக அனுப்பினால் முகவரிகளை மறைநகல், அதாவது பிசிசி வரியில் போடுங்கள், பெறுநர் வரியில் உங்கள் முகவரியே இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் என்று முதலாளி சொன்னால், தமிழில் அனுப்பும்போது ஒரு செய்திக்கு 70 குறிதான் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 160. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘விண்ணப்பம்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் பத்து. நம் இரண்டு வரி நாலைந்து துண்டாகப் போகும், அத்தனைக்கும் காசு. கம்பெனி பெயரில் மொத்தமாக அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு இடத்துக்கு ஆள் எடுக்க இது தேவையில்லாத வேலை.

எந்த மொழியில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். விண்ணப்பித்தவர் மடலை எழுதிய மொழியில் பதில் போடுங்கள். பயோடேட்டா ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். பெயரையும் ஊரையும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகள் சித்தூர்ப் பக்கம் நிறைய. அவர்களுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், நீளமாகப் படிக்கத் திணறுவார்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாம். தானாகப் போகும் ஃபில்டருக்கு மொழி தெரியாது, அதில் தமிழ் இரண்டு வரியும் மலையாளம் இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும். மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது எளிது.

கடைசி நாளுக்குப் பிறகும் விண்ணப்பம் வரும். 26-ஆம் தேதி காலையிலேயே இரண்டு ஃபில்டரின் வாசகத்தையும் மாற்றிவிடுங்கள்: “தர ஆய்வாளர் பணிக்கான உங்கள் விண்ணப்பம் வந்தது, ஆனால் கடைசி நாள் ஆகஸ்ட் 25-உடன் முடிந்துவிட்டது. இந்த முறை அதைப் பரிசீலிக்க இயலாது. அடுத்த விளம்பரம் வரும்போது மீண்டும் விண்ணப்பியுங்கள்.” தாமதமாக வந்தவற்றில் நல்லது இருந்தால் பார்ப்போம் என்று மேலாளர் நினைத்தால், இதை அனுப்புவதற்கு முன்னால் அவர் சொல்லிவிட வேண்டும்.

இனி, 10-ஆம் தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வது. அநேகமாக மேலாளர் மேசையில்தான் நிற்கும். ஓணம் முடிந்து திறக்கும் 8-ஆம் தேதி காலையிலேயே அவரைக் கேளுங்கள். முடியாது என்றால் அன்றைக்கே எல்லோருக்கும் ஒரு வரி போகட்டும்: “தர ஆய்வாளர் பணி தொடர்பாக செப்டம்பர் 10 என்று சொல்லியிருந்தோம், அது செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமைக்கு மாறியிருக்கிறது.” காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பை நீட்டவும் வேண்டாம். நேர்காணல் 15 முதல் 17 வரை என்று முதல் மடலில் போட்டிருந்தால் அதையும் இதே மடலில் தள்ளிவைக்க வேண்டும். 10-ஆம் தேதி கழிந்த பிறகு அனுப்பினால், அதற்குள் போன் வந்துவிட்டிருக்கும். இந்த மாற்றத்தை ஒரு தடவைக்கு மேல் செய்யாதபடி புதுத் தேதியைத் தாராளமாகவே வையுங்கள்.